கறுப்பு மையில் ஒரு வாக்குமூலம்

அந்த ஆலையில் எல்லோரும் அவரை முதுகுக்குப் பின்னால் 'மச்சினன்' என்றுதான் சொன்னார்கள். முதலாளியின் மனைவிக்குத் தம்பி. படிப்பு, அனுபவம், தகுதி எல்லாமே அந்த ஒரு சொல்லில் அடக்கம். போன மாதம்வரை தரை ஓடு விற்றுக்கொண்டிருந்தவர். பழைய மேலாளர் வேறு இடத்துக்குப் போனதும் நாற்காலியின் சூடு ஆறுவதற்குள் இவர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

நான் அங்கே வேலை செய்பவள் இல்லை. அங்கே பிரெஞ்சு பார்த்துக்கொண்டிருந்த பெண் பிரசவத்துக்குப் போயிருந்தாள். அலுவலகச் செயலாளர் எனக்குச் சித்தி மகள், அக்கா முறை. "ஒரு நாள் வேலைதான்டி, வந்து சுருக்கிக் குடுத்துட்டுப் போ" என்று கூப்பிட்டதால் போனேன்.

மச்சினனின் அறை கண்ணாடி அறை. மேஜைமேல் ஒரு பீங்கான் கிண்ணத்தில், ஆலை தயாரிக்கும் மருந்துப்புட்டி மூடிகளை மிட்டாய்போல் குவித்து வைத்திருந்தார். ஏசியின் ரிமோட் இன்னும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமல் இருந்தது. சுவரில் வெற்றியைப் பற்றி ஒரு கழுகுப் படம். எனக்கு அந்தக் கழுகின்மேல்தான் இரக்கம் வந்தது. இத்தனை உயரம் பறந்து, கடைசியில் இந்தச் சுவரில் வந்து மாட்டிக்கொண்டதே என்று.

"உக்காருங்க மேடம். விஷயம் சிம்பிள்" என்றார் மச்சினன். தடித்த காகிதக் கட்டு ஒன்றை என் பக்கம் தள்ளினார். "பிரான்ஸ் கம்பெனிக்கு நாம மூடி செஞ்சு குடுக்கறோம். மூடி புட்டியில சரியா உக்காரல, ஒழுகுது. ரெண்டு மாசமா ஈமெயில்லயே சண்டை. அவங்க என்னை காப்பியில சேத்ததே போன வாரம்தான். எல்லாம் பிரெஞ்சு. நான் மெஷின்ல போட்டுப் பாத்துட்டேன், எனக்குப் புரிஞ்சிடுச்சு."

"புரிஞ்சிடுச்சுன்னா நான் எதுக்கு சார்?"

"கையெழுத்துக்கு. மெஷின் கையெழுத்துப் போடாதில்ல?" தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். "ஒரே பக்கம். நாலு மணிக்கு வேணும். நம்ம ஃபோர்மேன் என்ன பண்ணிருக்கான்னு அதுல தெளிவா வரணும். தப்பு எங்களோடதுதான், மூடி வார்க்கற அச்சைத் திருத்தற செலவை நாங்களே ஏத்துக்கறோம்னு அவங்களுக்கு எழுதிக் குடுத்துட்டான் மேடம்! யாரைக் கேட்டு? இவன் அப்பன் வீட்டுக் கம்பெனியா?"

யார் வீட்டுக் கம்பெனி என்ற கேள்வியை அவர் எழுப்பியிருக்க வேண்டாம். நான் கழுகைப் பார்த்தேன்.

"நாலு மணிக்கு அவனை விசாரிக்கறோம். உங்க சுருக்கத்தை விசாரணைக் கடிதத்தோட வெச்சு, இன்னிக்கே அவனை வீட்டுக்கு அனுப்பிடலாம்னு இருக்கேன். பிரான்ஸ்காரங்களுக்கும் நேத்தே நான் இங்கிலீஷ்ல காட்டமா ஒண்ணு போட்டுட்டேன். உடனே தேங்க்ஸ் சொல்லிப் பதில் வந்துடுச்சு. ரெண்டு மாசம் இழுத்ததை ஒரே ஈமெயில்ல முடிச்சேன். அது முடிஞ்ச கதை, அதான் இந்தக் கட்டுல வெக்கல."

கட்டை எடுத்துக்கொண்டு சரக்கறைக்குப் பக்கத்தில் இருந்த கூட்ட அறைக்குப் போனேன். பெயர்தான் கூட்ட அறை. பாதி மேஜையில் அட்டைப்பெட்டிகள்தான் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தன.

பிரெஞ்சுக்காரர்களின் நீண்ட கடிதச் சங்கிலியைப் படிப்பது கிணற்றில் இறங்குவது மாதிரி. புதியது மேலே, பழையது அடியில். அடியிலிருந்து தொடங்கி மேலே ஏறி வர வேண்டும். ஒவ்வொரு கடிதத்தின் காலடியிலும் அதற்கு முந்தையது முழுசாகத் தொங்கும். ஒருவர் நடுவில் பழைய கடிதம் ஒன்றுக்குப் பதில் போட்டுவிட்டால் சங்கிலி அங்கே இரண்டாகக் கிளைக்கும். ஒவ்வொரு கையெழுத்துக்கும் கீழே, அச்சடிப்பதற்கு முன் சுற்றுச்சூழலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள் என்று ஒரு வேண்டுகோள். மச்சினன் அந்த வேண்டுகோளையும் பக்கத்துக்குப் பக்கம் அச்சடித்திருந்தார்.

எதிர்ப்பக்கம் பேசுபவர்கள் இரண்டே பேர். கொள்முதல் பார்க்கும் ஒரு பெண்மணி. கோபம் ஏற ஏற மரியாதை கூடுகிற ரகம். கடைசிக் கடிதங்களில் அவர் மரியாதை பயமுறுத்தும் அளவுக்குப் போயிருந்தது. இன்னொருவர் வரைபடம் போடும் வடிவமைப்பாளர். நல்ல மனிதர் என்று வாக்கியங்களிலேயே தெரிந்தது. முற்றுப்புள்ளி வைத்தபிறகும் ஒரு ஆறுதல் வார்த்தை சேர்ப்பவர். நம் பக்கத்தில் பழைய மேலாளரும் ஃபோர்மேனும். ஃபோர்மேன் தமிழில் சொல்வதைப் பிரசவத்துக்குப் போன பெண் பிரெஞ்சில் எழுதி, அவருடைய முகவரியிலிருந்தே அனுப்பியிருக்கிறாள்.

கட்டின் நடுவில் அந்த வாக்குமூலம் இருந்தது. ஃபோர்மேனின் கடிதம் என்ற தலைப்பின் கீழ், வரிசையாகக் கேள்விகள். அச்சு வெட்டியது பழைய வரைபடத்தை வைத்துத்தானே? புட்டியின் கழுத்து அளவு மாறியது எப்போது? அச்சைத் திருத்துவது யார் செலவு? அதே கடிதத்தில், அதே கறுப்பு எழுத்தில், ஒவ்வொரு கேள்விக்கும் கீழே பதில்: ஆமாம், இது எங்கள் தவறு. புதிய வரைபடத்தை ஆர்டரோடு சேர்த்து அனுப்பியிருக்க வேண்டும். அச்சுத் திருத்தும் செலவை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

கேட்டவரே பதிலும் சொல்லியிருந்தார். அதுவும், வரைபடம் அனுப்ப வேண்டியவர் அதை வாங்கி அச்சு வெட்டியவரே என்பதுபோல.

கதவு தட்டப்படவில்லை, திறக்கப்பட்டது. எண்ணெய்க் கறை படிந்த கை முதலில் வந்தது, பிறகு ஆள்.

"நீங்கதானா அந்த மொழிபெயர்ப்பம்மா?"

"ஆமா. நீங்க?"

"நான்தான் உங்க நாலு மணி." ஃபோர்மேன் ஓர் அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்தார். ஐம்பதைத் தாண்டிய ஆள். "என்னை இங்க குறடுன்னு சொல்லுவாங்க. பிடிச்சா விடமாட்டேனாம். இன்னிக்கு என்னையே பிடிச்சிருக்காங்க. எழுதியாச்சா?"

"இன்னும் படிச்சே முடிக்கல."

"படிச்சு என்ன பண்ணப் போறீங்க? மாப்பிள்ளை பாத்து முடிவான பிறகு ஜாதகம் பாக்கற கதைதானே. அந்தாளு சொன்னதை அப்படியே எழுதிக் குடுத்துட்டுக் காசு வாங்கிட்டுப் போங்க. என் மக காலேஜுல இது ரெண்டாவது வருஷம். அதையும் ஓரமா எழுதிக்குங்க, பிரெஞ்சுல."

எனக்குச் சுருக்கென்றது. "நான் யார் சொன்னதையும் எழுதறவ இல்ல. கடிதத்துல இருக்கறதைத்தான் எழுதுவேன். செலவை ஏத்துக்கறோம்னு நீங்க எழுதச் சொன்னீங்களா?"

"நானா? யார் செலவுன்னு கேட்டதே நான்தானே அம்மா! கேக்கறவன் ஏன் குடுக்கறான்? கல்யாணத்துக்கு யார் செலவுன்னு கேட்டுட்டு, நான்தான்னு நானே சொல்லிட்டு எழுந்து போற சம்பந்தியை எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

"அப்ப அவங்க பதில் என்ன வந்தது?"

"வந்ததுன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. 'அண்ணே, கவலைப்படாதீங்க, அவங்க தப்புன்னு ஒத்துக்கிட்டாங்க'ன்னுச்சு. அதோட அது பிரசவத்துக்குப் போயிடுச்சு. எனக்குப் பிரெஞ்சும் தெரியாது, இங்கிலீஷும் அரைகுறை. இந்த மனுஷன்கிட்ட அதைச் சொன்னா, 'பேப்பர்ல உன் பேர்தான்டா இருக்கு'ங்கறான். என் பேர்தான் இருக்கு. என்ன பண்றது?"

அவர் போனபிறகு அதே இடத்தை மறுபடி படித்தேன். ஃபோர்மேனின் கடிதத்துக்குச் சற்று மேலே, வடிவமைப்பாளரின் கடிதம் ஒன்று. மூன்றே வரி. வணக்கம், தாமதத்துக்கு மன்னிக்கவும், என் பதில்களை உங்கள் வாசகத்துக்கு நடுவிலேயே பச்சையில் எழுதியிருக்கிறேன், பார்க்கவும்.

பச்சையில்.

கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அத்தனையும் கறுப்பு. பிரெஞ்சு அலுவலகங்களில் இது அன்றாட வழக்கம். நீண்ட கேள்விப் பட்டியலுக்குத் தனியாகப் பதில் எழுதாமல், கேட்டவரின் கடிதத்துக்குள்ளேயே நுழைந்து, ஒவ்வொரு கேள்வியின் கீழும் வேறு நிறத்தில் எழுதிவிடுவார்கள். நிறம் இருக்கும்வரை பிரச்சினையில்லை. நிறத்தைக் கழுவிவிட்டால் இரண்டு பேர் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

கண்ணாடி அறைக்குப் போனேன். மச்சினன் போனில் இருந்தார். "அக்கா, நான் பாத்துக்கறேன். அத்தான்கிட்ட சொல்லு, பிரான்ஸ் விஷயத்தை முடிச்சிட்டேன்னு... ஆமாக்கா, ஒரே ஈமெயில்." வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "முடிஞ்சதா?"

"சார், இது கலர்ல இருக்கணும்."

"எது?"

"இந்தக் கடிதங்கள். அந்த வடிவமைப்பாளர் பச்சையில பதில் எழுதியிருக்கார். இங்க எல்லாம் கறுப்பா இருக்கு."

"கலர் மையை நான்தான் பூட்டி வெச்சிருக்கேன். வந்த முதல் வாரமே பண்ண சிக்கனம் அது." பெருமையோடு சாய்ந்தார். "அதோட நான் எழுத்தை மட்டும் எடுத்து ஒட்டச் சொன்னேன். மெஷினுக்கு எழுத்துதானே வேணும்? பச்சை, மஞ்சள்னு, இது என்ன ரங்கோலிப் போட்டியா?"

"பச்சையில இருக்கறதை எழுதினது ஃபோர்மேன் இல்ல சார். அவங்க ஆள்."

"மேடம்." மச்சினன் பென்சிலால் மேஜையைத் தட்டினார். "ஃபோர்மேன் வந்து உங்ககிட்ட அழுதானா? என் கதவு கண்ணாடி, அவன் அங்க போனதைப் பாத்தேன். மேல யார் பேர் இருக்கு? அவன் பேர். கீழே என்ன இருக்கு? எங்கள் தவறு. இதுக்கு நடுவுல ஏன் கலர் கதை? நானும் ஸ்கூல்ல ஒரு வருஷம் பிரெஞ்சு படிச்சவன்தான்."

அந்த ஒரு வருஷத்தை நினைத்தால் அந்த ஆசிரியர்மேல்தான் பாவமாக இருந்தது. "அசல் கடிதத்தைத் திரையில பாக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

கையெழுத்து என்ற சொல்தான் அவரை அசைத்தது. கையை வீசி, செயலாளரிடம் போகும்படி காட்டினார்.

அக்காவின் மேஜை மாடிப்படியடியில். நான் கேட்டதைக் கேட்டதும் அவள் முகம் வெளிறியது.

"நான்தான்டி எடுத்து ஒட்டினேன். கலரெல்லாம் போயிடுமே சார்னு கேட்டேன். போனாப் போகட்டும்னார்."

"அதை அவர்கிட்ட மறுபடி சொல்லக் கூடாதா?"

"ஏன், அடுத்த நாலு மணிக்கு நான் உக்காரவா?" சொல்லிக்கொண்டே பெட்டியைத் திறந்து, தேடி, அந்தக் கடிதத்தைத் திரையில் விரித்தாள்.

பச்சை. வெட்கமே இல்லாத, செடி முளைத்த மாதிரியான பச்சை. கறுப்பில் ஒரு கேள்வி, பச்சையில் ஒரு பதில். ஒவ்வொரு பச்சைக்கும் முன்னால் வடிவமைப்பாளர் தன் பெயரின் முதலெழுத்துகளைக்கூடச் சதுர அடைப்புக்குள் போட்டிருந்தார். மச்சினன் அதையும் ஏதோ பொருள் குறியீடு என்று நினைத்திருப்பார். செலவை ஏற்றுக்கொள்கிறோம் என்ற வரி பச்சையிலேயே நல்ல பச்சை.

"அப்பாடா" என்றாள் அக்கா. "மனுஷன் பொழைச்சான்."

"இரு. நேத்து இவர் என்னவோ அனுப்பினாராமே. அதையும் காட்டு."

அவள் சங்கிலியின் உச்சிக்கு ஏறினாள். மச்சினனின் ஆங்கிலம் அங்கே மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றது. அதன் சாரம் இது: அச்சுத் திருத்தும் செலவை ஏற்றுக்கொள்வதாக இந்தக் கடிதங்களில் கொடுக்கப்பட்டுள்ள வாக்குறுதி, அதிகாரமில்லாத ஒரு நபரால் கொடுக்கப்பட்டது. அதை என் நிறுவனம் முற்றிலுமாக ரத்து செய்கிறது. அந்த நபர் நீக்கப்படுவார்.

நான் அதை இரண்டு முறை படித்தேன். அக்காவுக்கு உடனே விளங்கவில்லை.

"என்னடி? அவங்க குடுத்த வாக்குறுதியை இவர் ஏன்..." நிறுத்தினாள். கை தானாக வாய்க்குப் போனது. "அய்யய்யோ."

"ஆமா. அவங்க செலவு பண்றோம்னு சொன்னாங்க. வேண்டாம், ரத்துன்னு இவர் எழுதிட்டார்."

அதற்கு மேலே கொள்முதல் பெண்மணியின் பதில், நேற்றே ஒரு மணி நேரம்கூட ஆவதற்குள் வந்திருந்தது. பயமுறுத்தும் மரியாதையோடு இரண்டே வரி. செலவு ஏற்பு ரத்தாகிவிட்டதைக் கவனத்தில் கொள்கிறோம். தங்கள் தெளிவுக்கு மனமார்ந்த நன்றி. தன் வடிவமைப்பாளர் வாய்தவறிக் கொடுத்ததை இங்கிருந்தே ஒருவர் திருப்பிக் கொடுக்கிறார். அந்த அம்மாள் ஏன் கேள்வி கேட்கப் போகிறார்? வாசலில் வந்து நின்ற மாட்டை யாருடையது என்று விசாரிப்பதற்குமுன் கட்டிவிட்டார்.

சுருக்கத்தை எழுதினேன். ஒரே பக்கம்தான். ஒழுகலுக்குக் காரணம் பழைய வரைபடம். அதை ஒப்புக்கொண்டது அவர்கள். செலவை ஏற்றதும் அவர்கள். ஃபோர்மேன் கேள்விகள் மட்டும்தான் கேட்டார். நேற்று, அதைக் கொடுத்தவர் அதிகாரமில்லாத நபர், நீக்கப்படுவார் என்று சொல்லி அந்த ஏற்பை ரத்து செய்தது நம் மேலாளர். அவர்கள் அதை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். கடைசி இரண்டையும் எழுதும்போது எனக்கு ஒரு கெட்ட சந்தோஷம் இருந்தது. அதை மறைக்க வாக்கியங்களை எவ்வளவு உலர்ந்ததாக வைக்க முடியுமோ அவ்வளவு உலர வைத்தேன்.

நாலு மணிக்கு ஃபோர்மேன் கண்ணாடி அறையில் நின்றுகொண்டிருந்தார். அவரை உட்காரச் சொல்லவில்லை. மச்சினன் என் பக்கத்தை வாங்கிப் படித்தார். நடுவில் வந்ததும் புருவம் ஏறியது. அடியில் வந்ததும் ஏறிய புருவம் இறங்குவதற்கு இடம் தெரியாமல் நின்றது.

"இந்தக் கடைசி ரெண்டு வரி தேவையில்ல" என்றார்.

"சங்கிலியில இருக்கு சார்."

"நான் கேட்டது என்ன நடந்ததுங்கற சுருக்கம். நான் பண்ணது எனக்கே தெரியாதா?"

"தெரிஞ்சிருந்தா பண்ணியிருக்க மாட்டீங்க சார்."

ஃபோர்மேன் இருமினார். சிரிப்பை இருமலாக மாற்றுவதில் அவருக்கு நல்ல பழக்கம் இருந்தது. "என்ன அம்மா, என்னை என்ன பண்ணிருக்கீங்க அதுல?"

தமிழில் படித்துக் காட்டினேன், முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை. கேட்டு முடித்ததும் அவர் பக்கத்திலிருந்த நாற்காலியை, யாரும் சொல்லாமலேயே, இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மச்சினன் ஏசியின் குளிரைக் கூட்டினார். விசாரணைக் கடிதத்தை மடித்து மேஜை இழுப்பில் போட்டார். பிறகு ஃபோர்மேன் பக்கம் திரும்பியபோது குரல் தேனானது. "பாருங்க, நம்ம வீட்டுக்குள்ளதானே. இதைக் கழுவிடலாம். அந்த டிசைனர் உங்க மேல மரியாதை வெச்சிருக்கார்ல? நீங்களே ஒரு கடிதம் போடுங்க. இது சும்மா ஒரு குழப்பம், செலவை நீங்கதான் ஏத்துக்கணும்னு. மேடம் பிரெஞ்சுல போட்டுடுவாங்க. அத்தான் ஊர்லேருந்து வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்."

"நானா சார்?" என்றார் ஃபோர்மேன். "எனக்கு ஏது அதிகாரம்?"

"என்ன பேச்சு இது?"

"நீங்கதானே எழுதியிருக்கீங்க, அதிகாரமில்லாத நபர்னு. நான் எழுதினா அந்தம்மா என்ன சொல்லும்? நீக்கப்பட்டவன் எதுக்கு எழுதறான்னு கேக்காதா? ஊரைக் கூட்டி அறைஞ்சுட்டு, சமையக்கட்டுல கூப்பிட்டுத் தடவிக் குடுக்கறீங்களே சார்."

"இப்ப என்னதான்யா வேணும் உனக்கு?"

"நீங்கன்னு கூப்பிட்டீங்களே இப்பத்தான், அதுக்குள்ள போயிடுச்சா." குறடு பிடித்துக்கொண்டது. "அதே சங்கிலியில, அதே ஆளுங்க எல்லாருக்கும், நீங்களே எழுதணும் சார். ஃபோர்மேன் எந்தத் தப்பும் பண்ணல, வேலையிலதான் இருக்கார், அச்சு விஷயத்துல அவர் பேசறது கம்பெனி பேசறதுன்னு. அது போகட்டும், அப்புறம் நான் எழுதறேன். அந்த டிசைனர் கிட்ட நான் கேட்டா கேப்பார். அந்தம்மா என்ன பண்ணுமோ, அது நீங்க வாங்கிட்டு வந்தது."

போன் அடித்தது. திரையில் 'அக்கா' என்று வந்தது. மச்சினன் அதை எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்து மறுபடி அடிக்கத் தொடங்கியதும், செயலாளர் அக்காவைக் கூப்பிட்டு மடிக்கணினியைக் கொண்டுவரச் சொன்னார். என் முன்னால் வைத்தார்கள்.

"எழுதுங்க மேடம்" என்றார் மச்சினன், கழுகைப் பார்த்தபடி. "நேத்து அனுப்பின கடிதத்துல... தகவல் பரிமாற்றத்துல ஏற்பட்ட ஒரு சிறு குழப்பத்தின் காரணமா..."

நான் விசைகளின்மேல் கையை வைத்துக் காத்திருந்தேன். ஃபோர்மேன் நாற்காலியை முன்னால் இழுத்தார்.

"யாரோட குழப்பம் சார்?"

"அது எதுக்கு? பொதுவா குழப்பம்."

"பொதுவாப் போட்டா என்னோடதுன்னுதான் எடுத்துக்குவாங்க. இங்கயே அப்படித்தானே எடுத்துக்கிட்டீங்க."

ஏசி உறுமிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியே அக்கா, கோப்பு ஒன்றைத் தேடுவதுபோல் வெகுநேரமாக எதையும் தேடாமல் நின்றுகொண்டிருந்தாள். மச்சினன் கிண்ணத்திலிருந்து ஒரு மூடியை எடுத்தார், திருகினார், வைத்தார்.

"என்னோட" என்றார், மூடியிடம் சொல்வதுபோல.

"கேக்கல சார்."

"என்னோட குழப்பம். போடுங்க மேடம், போட்டுத் தொலைங்க."

போட்டேன். பிரெஞ்சில் அது இன்னும் கொஞ்சம் நீளமாக வந்தது. சுருக்க எனக்கு மனமில்லை. அதற்கடுத்து ஃபோர்மேன் சொன்ன மூன்று வரிகள். பெறுநர் பட்டியலில் ஒருவரும் விடுபடவில்லை என்று ஃபோர்மேன் விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தார். படிக்கத் தெரியாத பெயர்களை என்னை உரக்கப் படிக்கச் சொன்னார். கடிதம் போய்விட்டது என்று திரை காட்டியபிறகுதான் எழுந்தார்.

"சரி சார். கீழே மெஷினை நிறுத்திட்டு வந்தேன்" என்றார். "நாளைக்குக் காலையில வர்றேன், டிசைனருக்கு எழுதலாம். அம்மாவையும் வரச் சொல்லுங்க. ஒரு நாள் வேலைன்னு சொல்லிட்டாங்களாம், இது இழுக்கும்."